ஊர்ப்பெயரும் காரணமும்: உயர்நிலை இரண்டுக்கான கற்றல் நோக்கங்களும் பாடத்திட்டமும்

பாடப்பகுதி: தமிழ்த் துறை தொகுத்த துணைவாசிப்பு ஏட்டின் நான்காம் இயல், 'மாடு கட்டிய இடம்'
வகுப்பு: உயர்நிலை இரண்டு, ஜி3 தமிழ், மாணவர்கள் 21 பேர்
நேரம்: 2 பாடவேளைகள், ஒவ்வொன்றும் 60 நிமிடம்

நான் பயிற்சிக்குச் செல்லும் வாரத்தில் இவ்வகுப்பை ஏற்று நடத்தும் ஆசிரியைக்காக இத்திட்டத்தை எழுதியுள்ளேன். நேரமும் வரிசையும் உங்கள் விருப்பம்போல் மாறலாம். கற்றல் நோக்கங்களில் முதல் இரண்டை மட்டும் விட்டுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இயலின் உட்கரு

இயலில் 11 பத்திகள் உள்ளன. முதல் மூன்று பத்திகள் ரோச்சோர் ஆற்றையும் அதன் கரையிலிருந்த புல்வெளியையும் சதுப்பு நிலத்தையும் கூறுகின்றன. அடுத்த மூன்று, மாட்டு வணிகத்தையும் அதை ஒட்டிப் பிழைத்த பிற தொழில்களையும் கூறுகின்றன. ஏழு முதல் ஒன்பது வரை இடப்பெயர்கள் வருகின்றன. கடைசி இரண்டு பத்திகள் மாடுகள் அகன்ற பிறகு நடந்தவற்றை, 1982இல் இன்றைய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டதிலிருந்து 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது வரை, விரைவாகச் சொல்லி முடிக்கின்றன.

சென்ற ஆண்டு இவ்வியலை நடத்தியபோது, ஆண்டுகளையும் பெயர்களையும் பட்டியலிட்டுக் கேள்விகள் கேட்டேன். மாணவர்கள் அனைவரும் சரியாகவே விடையெழுதினர். ஆனால் 'மாடுகள் ஏன் அங்கே வந்தன?' என்ற ஒரே கேள்விக்கு ஏட்டிலுள்ள வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதினரே தவிர, ஒருவரும் தம் சொற்களில் விளக்கவில்லை. எனவே இம்முறை இயலைத் தகவல் தொகுப்பாகக் கொள்ளாமல், ஒரு காரணத் தொடராகக் கொண்டு நோக்கங்களை வகுத்துள்ளேன்: நீரும் புல்லும் இருந்தன, அதனால் மாடு வந்தது, மாட்டால் தொழில் வந்தது, தொழிலால் மக்கள் வந்தனர், மக்கள் தங்கியதால் பெயர்கள் நிலைத்தன, மாடு போன பின்னும் பெயர்கள் போகவில்லை. ஆண்டுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கற்றல் நோக்கங்கள்

பாட இறுதியில் மாணவர்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவர்களாக இருப்பர்.

முதலாவது: சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாட்டு வணிகம் தோன்றி மறைந்ததை, குறைந்தது நான்கு கண்ணிகள் கொண்ட காரணத் தொடராகத் தம் சொற்களில் விளக்குவர். 'தம் சொற்களில்' என்பதற்கு, ஏட்டு வாக்கியம் ஒன்றையும் முழுமையாக எடுத்தாளாமல் என்று பொருள்.

இரண்டாவது: ஓர் இடப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம் உறுதியானதா, ஊகமா என்று வேறுபடுத்தி, அவ்வேறுபாட்டுக்கேற்ற வினைமுடிவைப் பயன்படுத்துவர். உறுதியானதற்கு 'ஆகும்', 'குறிக்கிறது' என்றும், ஊகத்திற்கு 'எனக் கருதப்படுகிறது', 'என்பர்' என்றும் எழுதுவர்.

மூன்றாவது: '-ஆல்', '-மையால்', 'ஆகவே', 'எனவே' ஆகிய காரணத் தொடர்புகளைப் பிழையின்றிக் கையாள்வர்.

நான்காவது: தாம் வாழும் அல்லது அறிந்த ஓர் இடத்தின் பெயரைப் பற்றி ஒரு நிமிடம் பேச்சுத்தமிழில் உரையாடுவர். இது வாய்மொழிப் பயிற்சிக்கு உதவும் என்பதற்காகச் சேர்த்தது. நேரம் குறைந்தால் இதைச் சுருக்கலாம்.

முதற் பாடவேளை

*தொடக்கம், 10 நிமிடம்.* வெண்பலகையில் 'தேக்கா' என்று மட்டும் எழுதிவிட்டு, இப்பெயர் எங்கிருந்து வந்திருக்கும் எனக் கேளுங்கள். இருவர் மூவராவது 'தேக்கு மரம்' என்பர். அதை உடனே மறுக்க வேண்டாம். பலகையில் எழுதி, அருகே ஒரு கேள்விக்குறியை இடுங்கள். அப்பெயர் ஹொக்கியன் மொழியில் 'மூங்கிலின் அடி' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பதை எட்டாம் பத்தியில் அவர்களே கண்டுகொள்வர். தமிழ்க் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கும் ஒரு பெயர் வேற்றுமொழியில் பிறந்ததாக இருக்கலாம் என்ற வியப்பு, இவ்விரு பாடவேளைகளையும் தாங்கி நிற்கும்.

*வாசிப்பு, 15 நிமிடம்.* முதல் ஆறு பத்திகளை மௌனமாக வாசிக்கச் செய்யுங்கள். உரக்க வாசிக்கச் சொன்னால் உச்சரிப்பில் கவனம் சென்று பொருள் நழுவிவிடுகிறது. வாசிக்கும்போது, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகும் இடங்களில் மட்டும் அம்புக்குறி இட வேண்டும். அருஞ்சொற்களுக்கு அடிக்கோடு வேண்டாம். 'சதுப்பு நிலம்', 'பட்டி', 'தோல் பதனிடுதல்' ஆகிய மூன்று சொற்களை மட்டும் முன்கூட்டியே விளக்கினால் போதும்.

'பட்டி' என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்த் தொடருக்கு எருமைப் பட்டி என்பது பொருள். அதுவே இன்றைய கேகே மருத்துவமனையின் பெயரில் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி நிற்கிறது. இவ்வகுப்பில் பலர் அங்கேதான் பிறந்தவர்கள் என்பதால் சிரிப்பொலி எழும், எழட்டும். தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயர் 'பட்டி' என முடிவதாகச் சிலர் கூறலாம். அப்படி முடியும் ஊர்கள் எல்லாம் மாட்டுப் பட்டிகளாக இருந்தன என்று முடிவு கட்டிவிடாதபடி, 'பட்டி' சிற்றூரையும் குறிக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

*காரணத் தொடர், 20 நிமிடம்.* மூவர் கொண்ட ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் எட்டுச் சீட்டுகளைத் தருக: ஆறு, புல், மாடு, பால், தோல், மாட்டுவண்டி, தொழிலாளர், கடை. இவற்றை மேசையில் வரிசைப்படுத்தி, இரண்டு சீட்டுகளுக்கிடையே ஒரு காரண வாக்கியத்தை எழுத வேண்டும். ஒரே நேர்கோடாக அமையாது. மாட்டிலிருந்து பால், தோல், வண்டி என்று மூன்று கிளைகள் பிரியும். கிளை பிரிவதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். பெரும்பாலான குழுக்கள் முதலில் எட்டையும் ஒரே வரியில் அடுக்கப் பார்க்கும். 'தோலிலிருந்து வண்டி வந்ததா?' என்ற ஒரு கேள்வியே அவ்வரிசையைக் குலைக்கப் போதுமானது.

*வாய்மொழி, 15 நிமிடம்.* ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் தம் தொடரைப் பேச்சுத்தமிழில் விளக்குவார். 'இருந்ததுனால' என்று பேசுவது சரியே என்றும், அதையே எழுதும்போது 'இருந்ததால்' என்று எழுத வேண்டும் என்றும் இங்கே ஒருமுறை சுட்டிக்காட்டினால், மறுநாள் எழுத்துப் பயிற்சியில் திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

இரண்டாம் பாடவேளை

*உறுதியும் ஊகமும், 15 நிமிடம்.* ஏழு முதல் ஒன்பது வரையுள்ள பத்திகளை வாசித்து, பெயர்களை இரண்டு பட்டியலாகப் பிரிக்க வேண்டும். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகியவற்றின் பொருள் வெளிப்படை. இரண்டும் எருமையைக் குறிக்கின்றன, ஒன்று ஆங்கிலத்தில், மற்றொன்று மலாயில். பெலிலியோஸ் சாலை ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கியது. ரேஸ் கோர்ஸ் சாலை, பந்தயத்திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்த பின்னும் பழைய பெயரையே கொண்டுள்ளது. இவை ஒருபுறம்.

சிராங்கூன் மறுபுறம். 'ரங்கோங்' என்ற சதுப்புநிலப் பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து அது வந்தது என்பர். வேறு விளக்கங்களும் உண்டு. இதை 'ஆகும்' என்று எழுதுவது தவறு என்பதை மாணவர்கள் உணர வேண்டும். இவ்விடத்தில் நல்ல மாணவர்கள்தாம் அதிகம் தடுமாறுகின்றனர் என்பது என் அனுபவம். உறுதியாக எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று நெடுங்காலமாகப் பழகிவிட்டனர். 'கருதப்படுகிறது' என்பது தயக்கமன்று, அது துல்லியம் என்று தெளிவாகவே கூறுங்கள்.

*மொழிக்கூறு, 10 நிமிடம்.* 'நிலம் ஈரமாக இருந்தது. புல் செழித்தது.' என்ற இரு வாக்கியங்களை '-ஆல்', '-மையால்', 'எனவே' ஆகிய மூன்று வகையிலும் இணைக்கச் செய்க. 'எனவே' வாக்கியத் தொடக்கத்தில் வருவதையும், 'இருந்தமையால்' எழுத்துவழக்குக்கே உரியது என்பதையும் சுட்டுக. 'எருமைப் பட்டி', 'மாட்டுப் பட்டி' என வலி மிகுவதையும் போகிற போக்கில் கூறலாம். தனிப் பாடமாக்க நேரமில்லை.

*எழுத்து, 25 நிமிடம்.* 'சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாடுகள் இன்று இல்லை. எனினும் அவற்றின் தடம் இருக்கிறது. விளக்குக.' 80 முதல் 100 சொற்கள். ஏட்டை மூடிவிட வேண்டும். முதல்நாள் சீட்டுத் தொடரின் படத்தை மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றியிருக்கிறேன், அதைப் பார்க்கலாம். வீட்டில் தமிழ் அதிகம் புழங்காத ஐந்து மாணவர்களுக்கு வாக்கியத் தொடக்கங்கள் கொண்ட தாள் தனியே உள்ளது. மற்றவர்கள் கேட்டாலும் தயங்காமல் கொடுங்கள்.

மதிப்பிடும்போது பின்வரும் இரண்டையும் ஒப்புநோக்குக. 'சிராங்கூன் சாலையில் மாடுகள் இருந்தன. அங்கே கெர்பாவ் சாலை உள்ளது. மக்கள் வந்தார்கள்.' இதில் பிழை ஒன்றுமில்லை, காரணமும் ஒன்றுமில்லை. 'ரோச்சோர் ஆற்றங்கரையில் நீரும் புல்லும் கிடைத்ததால் மாடு வளர்த்தோர் அங்கே தங்கினர். சதுப்பு நிலம் வற்றவைக்கப்பட்டபின் மாடுகள் அகன்றன. ஆனால் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் என்ற சொல் சாலைப் பெயராக நின்றுவிட்டது.' இவ்விடையில் ஓரிரு எழுத்துப்பிழைகள் இருந்தாலும் முதல் விடையைவிடக் கூடுதல் மதிப்பெண் தருக.

*இணைத் திருத்தம், 10 நிமிடம்.* பக்கத்திலிருப்பவர் எழுதியதில் ஒவ்வொரு காரணச் சொல்லையும் வட்டமிட வேண்டும். வட்டம் மூன்றுக்குக் குறைந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

எதிர்பார்க்கத்தக்க சிக்கல்கள்

கடைசி இரண்டு பத்திகளை வகுப்பில் எடுக்க வேண்டாம். அவை வீட்டு வாசிப்பு. இருந்தாலும் சந்தைக்கு 1982இல் 'சூஜியாவ்' என்ற மாண்டரின் பெயர் சூட்டப்பட்டு, 2000இல் மீண்டும் தேக்கா நிலையம் என மாற்றப்பட்டதைப் பற்றி யாரேனும் கேட்பர். இரண்டு பெயர்களும் மூங்கிலையே குறிக்கின்றன என்று சொல்லி, முதல்நாள் பலகையில் இட்ட கேள்விக்குறிக்குத் திரும்பினால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

சிராங்கூன் சாலையின் கதை தமிழர்களின் கதை மட்டுமே என்ற எண்ணம் மாணவர்களிடம் உண்டு. இப்பாடத்தில் வரும் பெயர்களே ஹொக்கியன், மலாய், ஆங்கிலம் என்று கலந்து கிடக்கின்றன. அதைத் தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை.

வீட்டுப்பாடம்

தாம் வாழும் வட்டாரத்தின் அல்லது எம்ஆர்டி நிலையத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, ஒரு நிமிடம் பேசத் தயாராக வர வேண்டும். சொல்வது உறுதியா, ஊகமா, யார் சொன்னது என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எடுத்துக்காட்டு கேட்டால் டோபி காட்டைச் சொல்லுங்கள்: சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி துவைத்த துறை அது. அவ்வோடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்டது.

சீட்டுகள், வாக்கியத் தொடக்கத் தாள்கள், பெயர்ப்பட்டியல் ஆகியவை ஆசிரியர் அறையில் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில், நீல உறையில் உள்ளன. எழுத்துத் தாள்களைத் திருத்தாமல் அதே உறையில் வைத்துவிடுங்கள். நான் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன்.