அம்பத்தூரில் என் முதல் வேலையும் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களும்

வணக்கம்.

கடந்த திங்கள்கிழமை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வால்வு தயாரிப்பு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். 2025 மே மாதம் இயந்திரப் பொறியியல் இறுதித் தேர்வை எழுதி முடித்ததிலிருந்து இந்த வேலை கிடைக்கும் வரை பதினோரு மாதங்கள் ஆயின. ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகே பணி நிரந்தரம் பற்றி முடிவு செய்வார்கள். ஆகவே கற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்ற அளவிலேயே இச்செய்தியை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். நிறுவனத்தின் பெயரை என் சுயவிவரப் பகுதியில் சேர்த்திருக்கிறேன்.

முதல் வாரம் முழுவதும் ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்சின் அருகே நின்று கவனிப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. கேட் வால்வின் இரு முனைகளையும் அடைத்து, உள்ளே நீர் நிரப்பி, காற்றை முற்றிலும் வெளியேற்றிய பின், அந்த வால்வுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, பாடியிலோ பானெட் இணைப்பிலோ கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகு வால்வை மூடி, 1.1 மடங்கு அழுத்தத்தில் சீட்டைச் சோதிக்கிறார்கள். பெஞ்சை இயக்கும் அண்ணன், அழுத்தம் ஏற்றுவதற்கு முன் வால்வின் வெளிப்புறம் முழுவதையும் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுகிறார். ஈரமாக இருக்கும் இரும்பில் புதிதாகக் கசியும் ஒரு துளி கண்ணுக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தத் துணியின் வேலை எனக்குப் புரிந்தது. நான்கு ஆண்டுப் படிப்பில் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை.

வால்வு என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. கொருக்குப்பேட்டையில் வசிக்கும் என் அப்பா, மணலிப் பகுதி ஆலைகளில் ஷட்டவுன் நடக்கும் காலங்களில் ஒப்பந்த ஃபிட்டராக வேலைக்குப் போகிறவர். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுப்பதும், கிளாண்ட் பேக்கிங் மாற்றுவதும், ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவதும் அவருடைய அன்றாட வேலைகள். நான் பள்ளியில் படித்த நாட்களில், இரவுப் பணி முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்தவுடன், விரல் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் கிராஃபைட் கருமை போகும்வரை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் இறுக்கிய போல்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை மூன்றாம் ஆண்டு வகுப்பில் படித்தபோது, காரணத்தை யாரும் சொல்லித் தராமலேயே அதைச் சரியாகச் செய்துவந்தவரின் மகள் நான் என்பதை உணர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் சொல்கிறது; இந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் இரண்டாம் தலைமுறை.

நான் படித்தது மாநகராட்சிப் பள்ளியில். பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வே ரத்தான 2021ஆம் ஆண்டில், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அந்த இடமும், அதனுடன் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டதும் இல்லாவிட்டால் நான் பொறியியல் படித்திருக்க முடியாது. இரண்டாம் ஆண்டு முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வந்த 1000 ரூபாய், ரெக்கார்டு நோட்டுக்கும் ட்ராஃப்டர் முதலான கருவிகளுக்கும் வீட்டில் கைநீட்டாமல் இருக்க உதவியது. என் உழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்டு நியூமெரிக்கல் மெத்தட்ஸ் தாளில் அரியர் வைத்தேன். அடுத்த முயற்சியில் தேர்ச்சி பெற்றேன். வளாகத் தேர்வுக்கு வந்த சில நிறுவனங்கள் அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டன. மற்றவற்றில் ஒன்பது இடங்களில் எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் போதாத நாட்களில், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்துக்குப் போய்ப் படித்தேன். அங்கே எதிர் மேசையில் போட்டித் தேர்வுக்குப் படித்த அக்கா ஒருவர், இரண்டு பக்கமாக இருந்த என் தன்விவரக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, "நீ கையால என்ன செஞ்சேன்னு இதுல எங்கயுமே இல்லையேம்மா" என்று கேட்டார். அன்றே "கடின உழைப்பாளி" போன்ற சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, இறுதியாண்டுத் திட்டத்தில் எதை, எந்தக் கருவியால், எத்தனை முறை அளந்தேன் என்பதை ஒரு பக்கத்தில் எழுதினேன். அதன் பிறகே நேர்காணல் அழைப்புகள் வரத் தொடங்கின.

இந்த நிறுவனத்தின் நேர்காணலில் ஒரு வெர்னியர் காலிப்பரையும் ஒரு ஸ்பிண்டிலையும் கொடுத்து, விட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் முதலில் இரு தாடைகளையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். தாடைகளுக்கிடையே வெளிச்சம் தெரியவில்லை, ஆனால் அளவுகோல் பூச்சியத்தில் நிற்காமல் 0.04 மில்லிமீட்டர் காட்டியது. அளந்து வந்த அளவிலிருந்து அதைக் கழித்துச் சொன்னேன். தாடையை மூடிப் பார்க்காமல் எதையும் அளக்கக் கூடாது என்ற பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் எங்கள் கல்லூரி அளவியல் ஆய்வக உதவியாளர். பேராசிரியர் பொறுப்பில் இல்லாததால் எந்த விழா மேடையிலும் அவருடைய பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஐயா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்று நேர்காணலுக்கு வந்திருந்த பதினான்கு பேரில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவொற்றியூர்த் தம்பி வரைபடத்தை என்னைவிட விரைவாகப் படித்து முடித்தார். இருந்த இடம் ஒன்றுதான் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரும், என் வகுப்பில் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தோழிகளும் என்னைவிடக் குறைந்தவர்கள் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அந்தத் தம்பிக்குத் தகுந்த இடம் ஏதேனும் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள்; அவருடைய அனுமதியுடன் குறிப்பை அனுப்பி வைக்கிறேன்.

தேடும் நிலையில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஓர் ஆள்சேர்ப்பு முகவர் வேலை உறுதி என்று கூறி, முன்பணமாக 30,000 ரூபாய் கேட்டார். அம்மா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். அப்பாதான், "கூலி குடுக்குறவன் எதுக்குமா நம்மகிட்ட காசு கேக்கப் போறான்?" என்று தடுத்தார். தயவுசெய்து வேலைக்காக யாரிடமும் பணம் கட்டாதீர்கள். காத்திருக்கும் மாதங்களில் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான NATS தளத்தில் பதிவு செய்து வையுங்கள். உதவித்தொகையுடன் ஆலைக்குள் நுழைய அது ஒரு நேர்மையான வழி.

வடசென்னையில் மாநகராட்சி அல்லது அரசுப் பள்ளியில் படித்து, இயந்திரப் பொறியியலில் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் என்னிடமுள்ள வரைபடக் குறிப்புகளையும் அளவியல் குறிப்புகளையும் தருகிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் சென்று, அங்கு வண்டி மாறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். செய்திப் பெட்டியில் எழுதுங்கள். உடனே முடியாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் பதில் எழுதிவிடுவேன்.

#முதல்வேலை #இயந்திரப்பொறியியல் #வடசென்னை