வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேட: தம்பிக்கு ஒரு வாரத் திட்டம்

தம்பி,

எண்ணெய் ஆலை அலுவலகத்தில் மூன்று வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறாய். ஈப்போ பக்கம் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று போன வாரம் சொன்னாய். சொன்ன கையோடு, “யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா” என்றும் கெஞ்சினாய். நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுங்கை சிப்புட்டில் சொல்வதற்கு ஆள் வேண்டியதில்லை. உங்கள் மேனேஜரின் டிரைவரும் நம் சித்தப்பாவும் தினமும் ஒரே கோப்பிக் கடையில், ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் எனக்குப் பதினொரு வருட அனுபவம். வேலை தேடுகிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

முதலில், ஒரே ஒரு இரவு

இந்த ஞாயிறு இரவு அமைப்புகளைச் சரிசெய்துவிடு. ஒருமுறை செய்தால் போதும், வாராவாரம் தொட வேண்டியதில்லை.

புதிய மின்னஞ்சல் ஒன்று திற. வேலை தேடலுக்கு அது மட்டும்தான். உன் பழைய ஜிமெயில் அலுவலகக் கணினியின் குரோமில் திறந்தே கிடக்கிறது என்று நீயே சொன்னாய். ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால், இரவில் கைப்பேசியில் தேடியது காலையில் அலுவலகக் கணினியின் முகவரிப் பட்டையில் எட்டிப் பார்க்கும். பக்கத்து மேசை கிராணி ஏதோ தேட ஓர் எழுத்தைத் தட்டினாலே போதும். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தக் கணக்கிலிருந்து வெளியேறு. வாட்ஸ்அப்பில் Linked devices பகுதியைத் திறந்து, அலுவலகக் கணினி இருந்தால் அதையும் நீக்கு. கைப்பேசி பூட்டியிருக்கும்போது செய்தியின் வாசகம் திரையில் தெரியாதபடி மாற்றிவை. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை மல்லாக்க வைக்கும் பழக்கம் உனக்கு உண்டு.

அடுத்தது லிங்க்ட்இன். Settings & Privacy போய் Visibility திற. விவரங்களில் கை வைப்பதற்கு முன்பே Share job changes, education changes, and work anniversaries from profile என்பதை அணைத்துவிடு. பலர் எல்லாவற்றையும் திருத்திவிட்டுக் கடைசியில் இதைத் தேடுகிறார்கள். அதற்குள் செய்தி போய்விடுகிறது. Profile viewing options என்பதில் Private mode. இனி நீ எந்த நிறுவனத்து அதிகாரியின் பக்கத்தைப் பார்த்தாலும் உன் பெயர் அவருக்குத் தெரியாது. பதிலுக்கு, உன் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்பது உனக்கும் தெரியாது. பரவாயில்லை. உன் தொலைபேசி எண்ணை வைத்து உன்னைக் கண்டுபிடிக்கும் வசதியையும் Nobody என்று மாற்று, ஏனென்றால் அந்த எண் ஆலையில் எல்லோரிடமும் இருக்கிறது.

Open to work பற்றிக் கேட்டாய். அந்தப் பச்சை வளையத்தைப் படத்தில் போடுவது ஆலை வாசலில் பலகை எழுதி வைப்பதற்குச் சமம். Recruiters only என்று இன்னொரு வழி இருக்கிறது. உன் நிறுவனத்தில் ஆள் எடுப்பவர்களுக்கு அதைக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயற்சி செய்கிறது. முழு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்லியும் விடுகிறார்கள். வேறு ஊர், வேறு தொழில் என்றால் போடு என்பேன். உங்கள் ஆலைக்கு வெளி ஏஜென்சிதான் ஆள் பிடித்துத் தருகிறது, அந்த ஏஜென்சிக்காரர் உங்கள் மேனேஜரோடு பேசாத வாரமில்லை. எனவே உனக்கு அதுவும் வேண்டாம், அணைத்தே வை.

ஜாப்ஸ்ட்ரீட்டில் சுயவிவரத்துக்கு Standard, Limited, Hidden என்று மூன்று நிலைகள். Hidden எடு. நிறுவனங்கள் தேடினால் நீ அகப்பட மாட்டாய். ஆனால் நீயாக ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த நிறுவனத்துக்கு உன் விவரம் போகும், அது எப்படியும் போகத்தான் வேண்டும். வேலை அறிவிப்புகள் புது மின்னஞ்சலுக்கு வரட்டும், செயலியின் அறிவிப்பு ஒலி வேண்டாம்.

இப்படிக் கதவை எல்லாம் சாத்திவிட்டால் உன்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள். நீதான் போய்த் தட்ட வேண்டும். கீழே உள்ள வாரம் அதற்குத்தான்.

திங்கள்

முதல் வாரம் அந்த ஜிமெயிலிலிருந்து வெளியேறுவதைத் தவிர ஒன்றும் செய்யாதே. வாரத்தின் முதல் நாள் எரிச்சலில் அனுப்பும் விண்ணப்பத்தில் அந்த எரிச்சலும் சேர்ந்தே போகும்.

செவ்வாய், இரவு 9 முதல் 9.45 வரை

வீட்டில், உன் சொந்தக் கைப்பேசியில், உன் சொந்த டேட்டாவில். ஆலை தங்குமிடத்து வைஃபை வேண்டாம். ஜாப்ஸ்ட்ரீட்டிலும் சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் payroll, akaun, HR admin என்று தட்டி, ஈப்போ, தைப்பிங், கோலகங்சார் மூன்றையும் பார். ஐந்துக்கு மேல் சேமிக்காதே. அன்றே விண்ணப்பிக்கவும் வேண்டாம்.

நிறுவனத்தின் பெயர் போடாத விளம்பரம் கண்ணில் பட்டால் நின்று யோசி. ஆலை எண்ணெய்க் கணக்கு தெரிந்த ஆள், பேராக் வடக்கு, மூன்று வருட அனுபவம் என்றெல்லாம் எழுதியிருந்தால் அது உங்கள் ஆலையாகவே இருக்கலாம். எங்கள் இடத்தில் இப்படி ஒரு பையன் தன் மேலாளருக்கே விண்ணப்பம் அனுப்பினான். மேலாளர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே அந்த விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். அந்தப் பையன் சிரிக்கவில்லை.

புதன்

மதிய இடைவேளையில், யாராவது அழைக்கச் சொல்லியிருந்தால் மட்டும், பதினைந்து நிமிடம். ஆலை வளாகத்தில் பேசாதே, கொதிகலன் இரைச்சலில் நீ கத்த வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிலையம் வரை போய்ப் பேசு. கோயில் மண்டபமும் கோப்பிக் கடையும் கூடவே கூடாது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வேலை நேரத்தில் அழைப்பு வந்தால் எடுக்காதே. “இப்போது பணியில் இருக்கிறேன், மாலை 6 மணிக்குப் பிறகு அழைக்கலாமா?” என்று செய்தி அனுப்பு. உண்மையான நிறுவனம் காத்திருக்கும். அவசரப்படுத்தி, முன்பணம் கேட்டு, மைகார்டின் இரு பக்கப் படத்தையும் கேட்கிறவன் மோசடிக்காரன். பணம் எதுவும் கொடுத்துவிட்டால் உடனே 997 எண்ணுக்கு அழை, பிறகு எனக்கு.

வியாழன், இரவு 8.30 முதல் 10 வரை

செவ்வாயன்று சேமித்ததில் இரண்டுக்கு மட்டும் விண்ணப்பி. ஒவ்வொன்றுக்கும் ரெசூமேயின் முதல் ஐந்து வரிகளை அந்த வேலைக்குத் தக்க மாற்று. “சம்பளக் கணக்கு பார்த்தேன்” என்று எழுதாதே. எத்தனை தொழிலாளர்கள், எத்தனை பிரிவுகள், இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் செலுத்தியது, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டது, இவற்றை எழுது. தொழிலாளர்களின் பெயர், ஆலையின் விலை விவரம், உள்கோப்பு எதுவும் ரெசூமேயில் வரக்கூடாது. அந்தக் கோப்புகளை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. விலகப் போகிறவனைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நற்சான்று தருபவர்களில் இப்போதைய மேனேஜரைப் போடாதே. ஓய்வு பெற்றுப் போன பழைய தலைமைக் கிராணியையும் உன் கல்லூரி விரிவுரையாளரையும் போடு, இருவரிடமும் முன்னதாகவே கேட்டுக்கொள். படிவத்தில் தற்போதைய முதலாளியைத் தொடர்புகொள்ளலாமா என்று கேட்டால், வேலை உறுதியான பிறகே என்று எழுது. அதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தில் நீ சேரவே வேண்டாம்.

அச்சடிக்கும் வேலை முழுவதும் என் வீட்டில். நான் முதல் வேலையில் இருந்தபோது ரெசூமேயை அலுவலக அச்சுப்பொறியில் எடுத்தேன். காகிதம் தீர்ந்து இரண்டாம் பக்கம் உள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை யாரோ தாள் நிரப்பியதும் அது முதல் ஆளாக வெளியே வந்தது. என் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. பட்டணத்து நகல் கடையும் வேண்டாம். கடைக்காரரின் மருமகள் உங்கள் எடைமேடையில் வேலை செய்கிறாள்.

வெள்ளி, சனி

வெள்ளி கோயிலுக்குப் போ, பசார் மாலாம் போ. சனி அரைநாள் வேலை முடிந்து தூங்கு.

நேர்காணல் வந்தால் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். முதலில் காணொளி நேர்காணல் முடியுமா, அல்லது சனி மதியமோ மற்ற நாளில் மாலை 5.30க்கு மேலோ முடியுமா என்று கேள். முடியாவிட்டால் ஆண்டு விடுப்பு எடு. இரண்டு வருடம் தாண்டியவனுக்குச் சட்டப்படி குறைந்தது 12 நாள் உண்டு. காரணம் கேட்டால் “சொந்த வேலை”, அவ்வளவுதான். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கதை கட்டாதே, மறுநாளே நாலு பேர் பழத்தோடு பாட்டியைப் பார்க்க வந்துவிடுவார்கள். பொய் எம்.சி. எடுக்கவே எடுக்காதே. வேலை தேடுவது குற்றமில்லை, பொய் எம்.சி. குற்றம், அதை வைத்தே உன்னை அனுப்பிவிடலாம். ஒரே மாதத்தில் மூன்று விடுப்பு வேண்டாம், இரண்டு நேர்காணல்களை ஒரே நாளில் சேர்த்துப் பார்.

ஞாயிறு, காலை அரை மணி நேரம்

நோட்டுப் புத்தகத்தில் எழுது: எந்த நிறுவனம், எந்த நாள், எந்த ரெசூமே, யார் பேசினார்கள். பத்து நாளாகப் பதில் இல்லாதவர்களுக்கு ஒரு முறை நினைவூட்டல் அனுப்பு, இரண்டாம் முறை வேண்டாம். லிங்க்ட்இன்னில் ஒரு திருத்தம் செய், ஒன்றே ஒன்று. ஆறு மாதம் தூங்கிக் கிடந்த பக்கத்தில் ஒரே இரவில் புதுப் படம், புதுத் தலைப்பு, பத்துத் திறன்கள் என்று வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உடனே மூக்கு வியர்க்கும்.

வேலை நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, விலகல் அறிவிப்பு எத்தனை வாரம் என்று பார்த்துக்கொள். கடிதத்தில் எதுவும் இல்லையென்றால் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி உனக்கு 6 வாரம். புது இடத்தில் “எப்போது சேர முடியும்?” என்று கேட்கும்போது அதைத்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் வேலைக் கடிதம் கைக்கு வந்து, கையெழுத்தும் போடும் வரை ராஜினாமா பற்றி மூச்சு விடாதே, அம்மாவிடம் கூட. அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார், சின்னம்மாவிடம் மட்டும் சொல்வார்.

மாத முடிவில் சம்பளம் போடும் வாரத்தில் இந்தத் திட்டம் முழுவதையும் விட்டுவிடு. அந்த ஏழு நாளும் உன் கணக்கில் ஒரு காசு தவறக்கூடாது. தோட்டத்துச் சனங்கள் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் கடையில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் காலணியையும் ஞாயிறு வரும்போது கொண்டுவந்து என் அலமாரியில் வைத்துவிடு. நேர்காணல் நாளில் வழக்கமான நீலச் சட்டையோடு கிளம்பி, இங்கே வந்து மாற்றிக்கொண்டு போ. சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும்.

அக்கா