கோயியும் கோளியும்

ஏரியூர்ப் பக்கம் கால்நடைக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். ஒரே ஊர், இரண்டு தெரு. நடுவில் ஒரு புளியமரமும் குடிநீர்த் தொட்டியும்தான் எல்லை.

மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே பதில். "மாடு ரெண்டு, ஆடு நாலு, கோயி அஞ்சு." எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவோம் என்பதால் காதில் உறுத்தவில்லை. மத்தியானம் தொட்டியைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் நுழைந்தேன்.

"கோளி ஏழு, சேவல் ஒண்ணு."

முதல் வீட்டில் பல் போன தாத்தா, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் கோளி. அதற்கடுத்த வீட்டிலும். நாலாவது வீட்டில் ஒரு மருமகப் பெண், "கோயி மூணு அக்கா" என்றாள். திண்ணையில் இருந்த அவள் பையன் உடனே திருத்தினான்: "கோளிம்மா!"

"நான் மேலத்தெருவுல பொறந்தவ. இவன் என்னை விடவே மாட்டான்" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. கடைசி வீட்டு ஆயா கூடையைத் தூக்கி அடைக்கோழியை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம், வயிற்றுப் பக்கம் முடி உதிர்ந்து சிவந்திருந்தது.

"ஆயா, இந்தத் தெருவுல மட்டும் ஏன் கோளின்னு சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்றது?" என்றார். கொஞ்சம் யோசித்து, "நாங்க இந்த ஊர்க்காரங்க இல்ல கண்ணு. ஆத்தங்கரைல இருந்து ஏறி வந்தவங்க" என்றார்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. தண்ணீர் ஏறும்போது எத்தனையோ ஊர்கள் மேட்டுக்கு வந்தன. அதில் ஒன்று இந்தத் தெரு.

"எங்க மாமியாருக்கு அப்போ பத்து வயசாம். அவங்கப்பன் கதவு, நிலையெல்லாம் கழட்டி வண்டில ஏத்திட்டாரு. கோளிக்கூடைய மட்டும் இவங்க தலைல வச்சு நடந்தே வந்தாங்களாம். வழில ஒண்ணு பறந்து போச்சு. சாகற வரைக்கும் அந்தக் கோளியப் பத்திப் பேசுவாங்க. வீடு போனதப் பேச மாட்டாங்க."

ஆயா கோழியை முட்டைகளின் மேல் மெல்ல விட்டார். அது இரண்டு தடவை திரும்பி, சிறகை விரித்து உட்கார்ந்தது.

செல்போனைப் பார்த்தேன். எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். வேறெதற்கும் இடம் இல்லை. பையிலிருந்த நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு தெருவையும் கோடு போட்டு வரைந்து, ஒன்றில் 'கோயி', ஒன்றில் 'கோளி' என்று எழுதிக்கொண்டேன்.

"நீ எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டார் ஆயா.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாக்கை மடிக்கச் சொல்லிப் பழக்கிய சொல் வாய் வரை வந்தது. ஆனால் அவருக்கு முன்னால் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"எங்கம்மா கோயின்னு சொல்லுவாங்க ஆயா."

"அப்போ நீ மேலத்தெரு" என்றார், கூடையைக் கவிழ்த்தபடி. "சரி, எழுதிக்கோ. ஆறு கோளி. அடைல இருக்கறதயும் சேர்த்து."