பெற்றோருக்குச் சுற்றறிக்கை: மூன்றாம் பருவக் கட்டணம், பிள்ளைகளின் வருகை, தேர்வு நாட்கள்

சுற்றறிக்கை எண் 14 (தமிழில்)
திருப்பூர், 6 ஜனவரி 2025, திங்கட்கிழமை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து போன வியாழக்கிழமை பள்ளி திறந்தபோது பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பினோம். வெள்ளி, சனி இரண்டு நாளும் அலுவலகத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. "ஃபீஸ் கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டீங்களா?" என்றுதான் அதிகம் பேர் கேட்டீர்கள். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஆனால் அப்படிப் பொருள் கொள்ள இடம் கொடுத்து எழுதியது எங்கள் பிழை. அதே சுற்றறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. 'டிஃபால்டர்ஸ்' என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லை எழுதிப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை, அடித்துவிட்டேன். அந்தச் சொல்லுக்காக வருந்துகிறேன்.

ஆங்கிலத் தாளில் உள்ளதும் இதில் உள்ளதும் எங்காவது வேறுபட்டால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்

மூன்றாம் பருவக் கட்டணத்தை ஜனவரி 31, வெள்ளிக்கிழமைக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

- 1 முதல் 5ஆம் வகுப்பு வரை: ரூ. 4,800
- 6 முதல் 8ஆம் வகுப்பு வரை: ரூ. 5,600
- 9, 10ஆம் வகுப்பு: ரூ. 6,500
- 11, 12ஆம் வகுப்பு: ரூ. 7,800

பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு இதனுடன் ரூ. 2,400. சைக்கிளிலோ நடந்தோ வரும் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஆங்கிலத் தாளில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகையாக அச்சாகிவிட்டதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்தத் தொகை, தனியார் பள்ளிகளுக்கான கட்டண நிர்ணயக் குழு நம் பள்ளிக்கு விதித்த வரம்புக்குள்தான் இருக்கிறது. குழுவின் ஆணை அலுவலக வாசலில் உள்ள பலகையில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே தவணையில் கட்ட முடியாதவர்கள் மூன்று தவணையாகக் கட்டலாம்: பாதித் தொகை ஜனவரி 31க்குள், கால் பங்கு பிப்ரவரி 15க்குள், மீதி மார்ச் 8க்குள். இதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரும் வகுப்பும் போட்டு 'தவணையில் கட்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதி ஜனவரி 25க்குள் அலுவலகத்தில் கொடுத்தால் போதும், தாமதக் கட்டணம் எதுவும் சேராது. அந்த ஒரு வரியும் தராமல் ஜனவரி 31ஐத் தாண்டினால்தான் நாளொன்றுக்கு 10 ரூபாய் கூடும். அதற்கும் உச்சவரம்பு 200 ரூபாய்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் பெரும்பாலான வீடுகளில் சம்பளம் கைக்கு வருகிறது. அதனால் ஜனவரி 12, 26, பிப்ரவரி 2 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9.30 முதல் 12.30 வரை கட்டணக் கவுன்ட்டர் திறந்திருக்கும். பிப்ரவரி 2 அன்று கட்டுபவர்களுக்கும் தாமதக் கட்டணம் இல்லை. கூகுள் பே, போன் பே வழியாகக் கட்டுபவர்கள் குறிப்பில் பிள்ளையின் சேர்க்கை எண்ணை மறக்காமல் போடுங்கள். போன பருவத்தில் 'ஸ்கூல் ஃபீஸ்' என்று மட்டும் எழுதி வந்த பணம் யாருடையது என்று கண்டுபிடிக்க எங்கள் கணக்கருக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் இன்னொன்று: பணத்தை வகுப்பு ஆசிரியரிடமோ பேருந்து ஓட்டுநரிடமோ கொடுத்தனுப்பாதீர்கள். கவுன்ட்டரில் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் அந்த ஆங்கிலத் தாள் போய்விட்டது. அவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, அந்தத் தாளைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்டணம் பாக்கி என்பதற்காக நம் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் தேர்வு அறைக்கு வெளியே நிறுத்த மாட்டோம். ஹால் டிக்கெட்டையும் நிறுத்திவைக்க மாட்டோம். பாக்கி பற்றி வகுப்பில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேச வேண்டியது உங்களுடன். அப்படி எங்காவது கேட்டதாகப் பிள்ளை வந்து சொன்னால் நேராக என்னிடம் வாருங்கள்.

வருகை

இந்தக் கல்வியாண்டுக்கு நம் பள்ளியின் வேலைநாட்கள் 210. ஒரு பிள்ளை குறைந்தது 75 சதவீதம், அதாவது 158 நாட்கள் வந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 52 நாள் மிச்சம் வருகிறதே என்று சில பிள்ளைகள் (பெரும்பாலும் 9ஆம் வகுப்புப் பையன்கள்) அதை லீவுக் கணக்காக வைத்திருக்கிறார்கள். காய்ச்சல், விபத்து, வீட்டில் துக்கம் என்று தவிர்க்க முடியாமல் வருவதற்காக விட்டுவைத்த இடம் அது.

80 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வாரத்திற்குள் வகுப்பு ஆசிரியர் போன் செய்வார். திட்டுவதற்காக இல்லை, பதற வேண்டாம். என்ன சிரமம் என்று கேட்பதற்காகத்தான்.

பொங்கலுக்கு ஜனவரி 14 முதல் 19 வரை விடுமுறை, 20ஆம் தேதி திங்கட்கிழமை பள்ளி. நம் பெற்றோரில் பாதிப் பேருக்கு மேல் மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர். பஸ்ஸில் இடம் கிடைக்காது என்று 10ஆம் தேதியே கிளம்பி, கூட்டம் குறையட்டும் என்று 23, 24இல் திரும்புவது வழக்கமாகிவிட்டது. சின்ன வகுப்புகள் என்றால் நானும் பெரிதாகச் சொல்ல மாட்டேன். 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 21ஆம் தேதியே திருப்புதல் தேர்வு தொடங்குகிறது. அவர்கள் 19ஆம் தேதி இரவுக்குள் திருப்பூரில் இருக்கும்படி இப்போதே டிக்கெட் பார்த்துவிடுங்கள். ஊர்த் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் விசேஷத்துக்கு ஒருவாரம் லீவு வேண்டாம்.

விடுப்புக் கடிதம் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாததால் பிள்ளையே எழுதிக் கையெழுத்தும் அதுவே போட்டுக்கொண்ட கடிதங்கள் ஒரு கட்டு என் மேசையில் இருக்கின்றன. யார் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'இன்று வர முடியவில்லை' என்று பெற்றோர் இரண்டு வரி எழுதினால் போதும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டால் தாத்தா, பாட்டி எழுதலாம். மூன்று நாளுக்கு மேல் உடம்பு சரியில்லை என்றால் மட்டும் மருத்துவச் சீட்டின் நகல் வேண்டும். பெண் பிள்ளைகள் மாதவிலக்கு நாட்களில் விடுப்பு எடுத்தால் 'உடல்நலமில்லை' என்றே எழுதலாம், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளை வராத அன்று காலை 10.30க்குள் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். நீங்கள் அனுப்பி வைத்திருக்கிறீர்கள், ஆனால் இங்கே வரவில்லை என்றால் உடனே அலுவலகத்தைக் கூப்பிடுங்கள், மாலை வரை காத்திருக்க வேண்டாம். போன் எண் மாறியிருந்தால் புதிய எண்ணை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

காலை மணி 9.10க்கு. தாமதமாக வந்தால் வாசலில் பதிந்துவிட்டு வகுப்புக்குப் போகலாம், யாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை.

பெரிய பெண் பிள்ளைகளைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்துவது இந்த வருடமும் நடக்கிறது. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று சேர்ந்து யோசிக்கலாம், வந்து பேசுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மட்டுமாவது தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தேர்வுகள்

10ஆம் வகுப்பு, முதல் திருப்புதல் தேர்வு:

- ஜனவரி 21, செவ்வாய்: தமிழ்
- ஜனவரி 22, புதன்: ஆங்கிலம்
- ஜனவரி 24, வெள்ளி: கணிதம்
- ஜனவரி 27, திங்கள்: அறிவியல்
- ஜனவரி 28, செவ்வாய்: சமூக அறிவியல்

12ஆம் வகுப்பு, முதல் திருப்புதல் தேர்வு:

- ஜனவரி 21, செவ்வாய்: தமிழ்
- ஜனவரி 22, புதன்: ஆங்கிலம்
- ஜனவரி 24, வெள்ளி: இயற்பியல், பொருளியல்
- ஜனவரி 27, திங்கள்: கணிதம், வணிகவியல்
- ஜனவரி 28, செவ்வாய்: வேதியியல், கணக்குப் பதிவியல்
- ஜனவரி 29, புதன்: உயிரியல், கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள்

எல்லாத் தேர்வும் காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடியும். பொதுத்தேர்வைப் போலவே முதல் 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, அப்புறம் மூன்று மணி நேரம் எழுத. பிள்ளைகள் 9.30க்குள் வந்துவிட வேண்டும். 11ஆம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு பிப்ரவரி 3, திங்கட்கிழமை தொடங்குகிறது. அதன் அட்டவணை 20ஆம் தேதி கைக்கு வரும்.

அரசு அறிவித்திருக்கும் பொதுத்தேர்வு நாட்கள்: 12ஆம் வகுப்புக்கு மார்ச் 3 முதல் 25 வரை, 11ஆம் வகுப்புக்கு மார்ச் 5 முதல் 27 வரை, 10ஆம் வகுப்புக்கு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை. இந்தத் தேதிகளில் வீட்டு விசேஷம் எதையும் வைக்காமல் இருந்தால் நல்லது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

செய்முறைத் தேர்வுகள் பிப்ரவரி மாதமே நடக்கும். பிரிவு பிரிவாக நடப்பதால் உங்கள் பிள்ளைக்கு எந்த நாள் என்பதை வகுப்பு ஆசிரியர் மாணவர் கையேட்டில் எழுதி அனுப்புவார். இயற்பியல் போன்ற பாடங்களில் இதற்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 100க்கு 30 மதிப்பெண் இருக்கிறது. 'அது சும்மா பிராக்டிக்கல்தானே' என்று அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். தேதி முடிவானதும் தனியாகத் தெரிவிப்போம். 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போதே டியூஷன் தேட வேண்டியதில்லை.

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைப் பெற்றோரிடம் நேரில் காட்ட பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை 10, 12ஆம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். கட்டணக் கவுன்ட்டரும் அன்று திறந்திருப்பதால் ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும். அம்மா, அப்பா யாராவது ஒருவர் வந்தால் போதும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அதன் எதிரிலேயே பேசுவோம்.

இதைப் படித்ததும் மாணவர் கையேட்டில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜனவரி 9, வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். கைநாட்டும் செல்லும். படிக்கச் சிரமமாக இருப்பவர்களுக்கு, அலுவலகத்தில் மாலை 4 மணிக்கு மேல் யார் வந்து கேட்டாலும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பள்ளியின் தொலைபேசி எண் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை