மாடி வீட்டு வாசல் பூட்டை மாற்றித் தரக் கேட்டு

பார்வதிபுரம், நாகர்கோவில்
18.11.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்களும் மதினியும் திருவனந்தபுரத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பூட்டு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கு வேறு அழைப்பு வந்ததால் பாதியில் நின்றுவிட்டது. எழுதி அனுப்பினால் நிதானமாகப் படித்து முடிவு சொல்வீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாடி வீட்டு வாசல் கதவுப் பூட்டை மாற்றித் தர வேண்டும். முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்.

போன வாரம் நான் டூட்டியில் இருந்தபோது, நமக்கு முன்னால் இங்கே தங்கியிருந்த பையன்களில் ஒருவர் வந்திருக்கிறார். மொட்டை மாடியில் விட்டுப்போன சைக்கிளை எடுக்க வந்தாராம். கேட் பூட்டைத் தன்னிடமிருந்த சாவியாலேயே திறந்து மேலே வந்துவிட்டார். அம்மா துணி காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். அவர் மரியாதையாகப் பேசி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கேட் சாவி இன்னும் கையில் இருக்கிறது என்றால் வாசல் கதவுச் சாவியும் இருக்கலாம் அல்லவா? அன்றிலிருந்து அம்மா, "தாக்கோலு ஆரு கைல எல்லாம் கெடக்குதோ மக்கா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் நம்மிடம் உள்ள சாவிகளை எடுத்து உற்றுப் பார்த்தேன். வாசல் கதவுக்கு நீங்கள் தந்தவை இரண்டு. ஒன்றில் கம்பெனிப் பெயரும் நம்பரும் அடித்திருக்கிறது. இன்னொன்றில் எதுவும் இல்லை, வெளியே கடையில் வெட்டிய சாவி. இந்த மாதிரிப் பூட்டைப் புதிதாக வாங்கும்போது கம்பெனிச் சாவியே ஒன்றுக்கு மேல் தருவார்கள். நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது யாரிடமோ போய்விட்டது, அதற்குப் பதிலாகத்தான் யாரோ வெளியே வெட்டியிருக்கிறார்கள். எத்தனை வெட்டினார்கள் என்பது வெட்டியவருக்குத்தான் தெரியும்.

பையன்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் இருந்ததாகச் சொன்னீர்கள். வீடு காலியாகக் கிடந்த சமயத்தில் புரோக்கரும் சாவி வைத்திருந்தார், எனக்கும் அவர்தான் திறந்து காட்டினார். வயரிங் வேலை நடந்தபோது எலக்ட்ரீஷியனிடமும் சாவி இருந்ததாகக் கீழ் வீட்டு அக்கா சொன்னார்கள். இவர்களில் யாரையும் நான் சந்தேகப்படவில்லை, அண்ணாச்சி. சாவியைத் திருப்பி வாங்குவதாலும் பயன் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால், நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று வெட்டித் தந்துவிடுவார்.

உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான், ராத்திரி எனக்கு நைட் டூட்டி என்றாலும் அம்மாவும் பாப்பாவும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்கள். வெளியே பூட்டிவிட்டுப் போகிற நேரம்தான் கவலை. பாப்பா பள்ளிக்கூடம், நான் ஆஸ்பத்திரி, அம்மா ஜெபக்கூட்டம் என்று பகலில் வீடு பல மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் குளச்சலுக்குப் போனால் நாலைந்து நாள் யாருமே இருக்க மாட்டோம். அம்மாவின் நகை கொஞ்சம் வீட்டில்தான் இருக்கிறது.

என் மனதை அதிகம் உறுத்துகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதவை உடைத்து ஒருவன் நுழைந்தால் அது திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும். சாவி போட்டுத் திறந்து ஒரு பொருள் போனால் கதவில் ஒரு கீறல்கூட இருக்காது. போலீஸ் வந்தால் முதலில் கேட்பது, சாவி யார் யாரிடம் இருந்தது என்றுதான். அந்தப் பையன்கள், பழைய குடும்பம், புரோக்கர், எலக்ட்ரீஷியன் என்று எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒரு சாவி வைத்திருக்கிற உங்களிடமும் கேட்க வேண்டி வரும். ஒரு தப்பும் செய்யாதவர்கள் தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. சிலிண்டரை மாற்றிவிட்டால் இதற்கு முன் சாவி வைத்திருந்த எவர்மேலும் ஒரு பேச்சு வராது.

வேலை சின்னதுதான். கதவின் ஓரத்தில், சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். அதே அளவில் புதியதைப் பொருத்தி ஸ்க்ரூவை முடுக்க வேண்டும், அவ்வளவுதான். மரத்தில் உளி படாது. மழையில் கதவு ஊதி இறுக்கமாக இருக்கிற இந்த நேரத்திலும் செய்யலாம். உங்கள் அப்பா காலத்துப் பலாமரக் கதவு என்று ஆசையாகச் சொன்னீர்களே, அதற்கு ஒன்றும் ஆகாது. வடசேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன். நல்ல சிலிண்டர் 850 ரூபாய் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த ஆசாரி மாட்டித் தர 300 ரூபாய் கேட்கிறார்.

இந்த 1,150 ரூபாயை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் காலி செய்து போன பிறகும் பூட்டு உங்கள் வீட்டில்தான் இருக்கும். நான் இப்போது பணம் கொடுத்துச் செய்துவிட்டு, பில்லை உங்களுக்கு அனுப்பி, டிசம்பர் வாடகையில் கழித்துக்கொள்ளவும் தயார். அடுக்களைப் பக்கத்துக் கதவுக்குக் கொண்டிப் பூட்டுதான், அதை என் செலவில் புதிதாக வாங்கிவிடுகிறேன். கேட் பூட்டு கீழ் வீட்டுக்கும் பொது. அதை மாற்றினால் அவர்களுக்கும் சாவி கொடுக்க வேண்டும். நீங்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் செலவை நான் தருகிறேன்.

புதுச் சாவிகளில் ஒன்றை உங்களிடம் தந்துவிடுவேன். குழாய் உடைப்பு, கரண்ட் கோளாறு என்று அவசரம் வந்தால் நீங்கள் திறக்க வழி வேண்டும் அல்லவா. அதைக் கவரில் போட்டு ஒட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்காவது கொடுக்க வேண்டி வந்தால் எனக்கு ஒரு போன் செய்துவிட்டுக் கொடுங்கள். கழற்றின பழைய சிலிண்டரையும் அதன் இரண்டு சாவிகளையும் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைக்கிறேன். உங்களைக் கேட்காமல் நான் எதையும் கழற்ற மாட்டேன்.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு இங்கே வருவீர்கள் என்று மதினி சொன்னார்கள். அப்போது நீங்கள் நேரில் நின்றே மாற்றிக்கொள்ளலாம். கடைசித் திருவிழா டிசம்பர் 3 அன்று ஆசாரிக்கும் கடைக்கும் லீவாக இருக்கும், அதற்கு முன்னால் ஒரு காலை நேரம் சொல்லுங்கள், டூட்டியை மாற்றிக்கொள்கிறேன். வர முடியாவிட்டால், "செய்துகொள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நல்லது.

சாவிகளின் படமும் கதவு ஓரத்து ஸ்க்ரூவின் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடி வீட்டு ஜெயா