பயண முன்பணக் கணக்குத் தீர்வு அறிக்கை: காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி

பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர், சென்னை அலுவலகம்
அனுப்புநர்: தள மேற்பார்வையாளர், பழைய கட்டடப் புதுப்பிப்புப் பிரிவு
நாள்: 18.06.2025
பணி: கானாடுகாத்தான் வீடு, பட்டாலை மற்றும் வளவுப் பத்தித் தளம் பழுது பார்ப்பு
பயணக் காலம்: 10.06.2025 பிற்பகல் முதல் 14.06.2025 நண்பகல் வரை
பெற்ற முன்பணம்: ₹15,000 (09.06.2025, வங்கிக் கணக்கில் வரவு)

ஐயா,

மேற்படி முன்பணத்துக்கான கணக்கை முடித்து அனுப்புகிறேன். மொத்தச் செலவு ₹15,899. முன்பணம் போக ₹899 என் கையிலிருந்து போயிருக்கிறது, அதைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணச் செலவை மட்டும் தனியாக எடுத்தால் ₹11,054தான், அந்தக் கணக்கில் ₹3,946 மீதம் வரும். ஓடு அச்சுக்கும் மாதிரிக்கும் அங்கேயே பணம் கொடுக்க வேண்டி வந்ததால்தான் கணக்கு கூடுதலில் முடிகிறது. ஆகவே இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிடாமல் பிரித்தே பதியவும்.

அ. பயணச் செலவு

| நாள் | விவரம் | வவுச்சர் | ₹ |
|---|---|---|---|
| 10.06 | வீட்டிலிருந்து எழும்பூர், ஆட்டோ | 1 | 220 |
| 10.06 | பல்லவன் விரைவு வண்டி, எழும்பூர்–காரைக்குடி, ஏ.சி. சேர் கார் | 2 | 660 |
| 10.06 | காரைக்குடி ரயில் நிலையத்திலிருந்து லாட்ஜ், ஆட்டோ (இரவு) | 3 | 150 |
| 11.06 | காரைக்குடி–கானாடுகாத்தான், பஸ், போக வர | 4 | 40 |
| 12.06 | காரைக்குடி–கானாடுகாத்தான்–ஆத்தங்குடி–காரைக்குடி, ஆட்டோ, காத்திருப்புடன் | 5 | 1,100 |
| 12.06 | 13ஆம் தேதி திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ததில் திரும்பி வராத தொகை | 6 | 215 |
| 13.06 | காரைக்குடி–ஆத்தங்குடி, பஸ் | 7 | 30 |
| 13.06 | ஆத்தங்குடி–கானாடுகாத்தான், ஆட்டோ | 8 | 350 |
| 13.06 | கானாடுகாத்தான்–காரைக்குடி, பஸ் | 9 | 20 |
| 14.06 | லாட்ஜிலிருந்து ரயில் நிலையம், ஆட்டோ (விடியற்காலை) | 10 | 150 |
| 14.06 | பல்லவன், காரைக்குடி–எழும்பூர், இரண்டாம் வகுப்பு இருக்கை | 11 | 185 |
| 14.06 | எழும்பூரிலிருந்து அலுவலகம், ஆட்டோ (ஓட்டுப் பெட்டியுடன்) | 12 | 260 |
| 10–14.06 | லாட்ஜ், 4 இரவு × ₹1,456 | 13 | 5,824 |
| 10–14.06 | தினப்படி | – | 1,850 |
| | பயணச் செலவு மொத்தம் | | 11,054 |

ஆ. பணிச் செலவு (கையிலிருந்து கொடுத்தது)

| நாள் | விவரம் | வவுச்சர் | ₹ |
|---|---|---|---|
| 11.06 | டிரேசிங் தாள், ஸ்கெட்ச் பேனா, பெட்டி, கயிறு | 14 | 165 |
| 11.06 | வரைபடப் பிரிண்ட் | 15 | 60 |
| 13.06 | 8 அங்குல அச்சு, நடு ஓட்டுக்கு | 16 | 2,500 |
| 13.06 | 8 அங்குல அச்சு, கரை ஓட்டுக்கு | 16 | 1,750 |
| 13.06 | நிற மாதிரி ஓடு, 6 × ₹45 | 17 | 270 |
| 14.06 | எழும்பூரில் சுமை கூலி | 18 | 100 |
| | பணிச் செலவு மொத்தம் | | 4,845 |

இ. தீர்வு

| | ₹ |
|---|---|
| மொத்தச் செலவு (அ + ஆ) | 15,899 |
| கழிக்க: பெற்ற முன்பணம் | 15,000 |
| எனக்கு வர வேண்டியது | 899 |

விளக்கம்

அச்சு (வவுச்சர் 16): கேள்வி எழுந்தால் இதில்தான் எழும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பட்டாலையில் கிடக்கும் பழைய ஓடு 8 அங்குலச் சதுரம். 12ஆம் தேதி உடைந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனேன். அங்கே அதே பூ வேலை இருந்தது, ஆனால் அச்சு 10 அங்குலத்தில். பத்து அங்குல ஓட்டைப் பழைய தளத்தின் நடுவே பதித்தால் கோடு எங்குமே ஒத்து வராது. ஒன்று முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டும், இல்லையென்றால் புதிய அச்சு செய்ய வேண்டும். தளத்தில் உடைந்திருப்பது கால் பங்கு கூட இல்லை என்பதால் பெயர்ப்பதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பட்டறையில் இருந்தபடியே முதன்மைக் கட்டடக் கலைஞரிடம் தொலைபேசியில் பேசி ஒப்புதல் வாங்கினேன். அன்று மாலை அவர் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் இணைப்பில் இருக்கிறது.

அச்சு செய்பவர் ரொக்கமாகத்தான் வாங்குவார், ஜி.எஸ்.டி. பில் தருவதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த ரசீதையே இணைத்திருக்கிறேன். தொகை ஐயாயிரத்துக்குள் இருப்பதால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டவில்லை. இரண்டு அச்சும் நம் பணம் கொடுத்துச் செய்தவை, ஆகவே நம் சொத்து. இப்போதைக்குப் பட்டறையில் இருக்கின்றன. ஓடு முழுவதும் வார்த்து முடிந்ததும் திருப்பித் தருவதாக அதே ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கியிருக்கிறேன். கருவிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டால் நல்லது, வீட்டின் இரண்டாங்கட்டிலும் இதே ஓடுதான் கிடக்கிறது.

ஒரு நாள் கூடுதல் தங்கல்: முதலில் போட்ட திட்டப்படி 13ஆம் தேதி காலை வண்டியில் திரும்பியிருக்க வேண்டும். அச்சு மறுநாள் காலையில்தான் கிடைக்கும் என்றார்கள். பெற்றுக்கொண்டு உடனே கிளம்பாமல், முதல் ஓடு வார்ப்பதையும் நின்று பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் நிறச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது ஓரம் கலங்கினால் அந்த ஓடு போனது. நடு ஓட்டின் இலை நுனியில் தகடு சற்று அகலமாக இருந்ததால் பச்சை மஞ்சளுக்குள் இறங்கியது. அங்கேயே அச்சுக்காரரைக் கூப்பிட்டு நெருக்க வைத்து, மறுபடி வார்த்துப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. அந்த ஒரு நாளுக்கு ஆன செலவு லாட்ஜ் ₹1,456, தினப்படி ₹350, ரத்துக் கழிவு ₹215, உள்ளூர்ப் போக்குவரத்து ₹400.

அப்படி வார்த்த ஓடுகள் காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி விட்டு வர நாள் பிடிக்கும். அவை பின்னால் பார்சலில் வரும். அவற்றின் விலை ஓட்டுக்கான பட்டறைப் பில்லில் சேரும், இந்தக் கணக்கில் இல்லை. வவுச்சர் 17இல் உள்ள ஆறும் பட்டறையில் தயாராக இருந்த 10 அங்குல ஓடுகள், நிறத்தை ஒத்துப் பார்க்க மட்டும் வாங்கியவை.

டிக்கெட் ரத்து (வவுச்சர் 6): 12ஆம் தேதி முற்பகல் ரத்து செய்தேன். ஏ.சி. சேர் காருக்கு அந்த நேரத்தில் பிடிக்கும் குறைந்தபட்சக் கட்டணம் ₹180, அதன் மேல் ஜி.எஸ்.டி., அப்புறம் முன்பதிவின் சேவைக் கட்டணம். எல்லாம் சேர்த்து ₹660இல் ₹445 திரும்பியது. அது 16ஆம் தேதி என் கணக்கில் வரவாகிவிட்டது, ஆகவே வராத ₹215 மட்டுமே எழுதியிருக்கிறேன். 14ஆம் தேதிக்கு சேர் காரில் காத்திருப்புப் பட்டியல் என்பதால் இரண்டாம் வகுப்பில் வந்தேன்.

12ஆம் தேதி ஆட்டோ (வவுச்சர் 5): தொகை பெரிதாகத் தெரியும். ஆத்தங்குடிக்குப் பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. வழியில் கானாடுகாத்தானில் இறங்கி உடைந்த ஓட்டை எடுத்துக்கொண்டு போய், பட்டறையில் எவ்வளவு நேரம் ஆகும் என்றே தெரியாத நிலையில் பஸ்ஸை நம்ப முடியவில்லை. காரைக்குடியில் டாக்சி இதைவிட அதிகம் கேட்டார்கள். மறுநாள் வேலை முன்கூட்டியே தெரிந்திருந்ததால் ஆத்தங்குடிக்குப் பஸ்ஸிலேயே போனேன்.

லாட்ஜ் (வவுச்சர் 13): ஒரு இரவுக்கு அறை வாடகை ₹1,300, ஜி.எஸ்.டி. 12 சதவீதம் ₹156. நம் விதியின் உச்ச வரம்பான ₹1,500க்குள்தான். பில்லில் அலுவலக ஜி.எஸ்.டி. எண்ணைப் போட வைத்திருக்கிறேன். மொத்த வரி ₹624, உள்ளீட்டு வரி வரவுக்கு எடுக்க முடியுமா என்று பார்க்கவும்.

தினப்படி: 10, 14 ஆகிய நாட்களுக்கு அரை நாள் (₹250 வீதம்), நடுவில் மூன்று நாளுக்கு முழுப்படி (₹500 வீதம்), ஆக ₹2,000. 13ஆம் தேதி மாதிரி ஓடுகளைத் தளத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கப் போனபோது வீட்டு ஆச்சி, “தம்பி, அளவெல்லாம் அப்புறம் எடுக்கலாம், முதல்ல கையக் கழுவுங்க” என்று இலை போட்டுவிட்டார். வெளியில் உணவு கிடைத்தால் ₹150 கழிக்க வேண்டும் என்பது விதி. கழித்துவிட்டேன். (சாப்பாட்டின் மதிப்பு அதைவிட ரொம்பவே கூட!)

பில் இல்லாதவை: காரைக்குடி ரயில் நிலைய ஆட்டோ இரண்டும் (வவுச்சர் 3, 10), எழும்பூர் சுமை கூலியும் (வவுச்சர் 18), ஆக ₹400. விதி அனுமதிக்கும் ₹500க்குள் உள்ளது. இவற்றுக்கு என் கையெழுத்திட்ட வவுச்சரே ஆதாரம். வவுச்சர் 5, 8 இரண்டும் யு.பி.ஐ. மூலம் கொடுத்தவை. சென்னை ஆட்டோ இரண்டுக்கும் செயலி ரசீது உண்டு.

யு.பி.ஐ. பட்டியல்: இணைத்துள்ள பட்டியலில் 11ஆம் தேதி ₹380, 13ஆம் தேதி ₹260 என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது பனையோலைக் கொட்டான், அடுத்தது சீப்புச் சீடையும் மாவுருண்டையும். இரண்டும் என் வீட்டுக்கு வாங்கியவை, கணக்கில் சேர்க்கவில்லை.

தூண்: 11ஆம் தேதி மாலை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளில் முகப்புக்கான பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்தேன். நடந்தே போனதால் செலவில்லை. ஒரு கடையில் ஒரு ஜோடிக்கு ₹5,000 டோக்கன் அட்வான்ஸ் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஒரு தூணின் அடியில் கரையான் அரித்த தடம் இருந்தது, அதன் மேல் மெழுகு பூசியிருந்தார்கள். விவரம் தள அறிக்கையில் தனியாக வருகிறது.

பதிவு செய்ய வேண்டியது

பயணச் செலவுத் தலைப்பில் ₹11,054, கானாடுகாத்தான் பணிக் கணக்கில் ₹4,845 பற்று எழுதி, என் பெயரில் நிற்கும் முன்பணம் ₹15,000ஐ நேர் செய்யவும். மீதி ₹899ஐச் சம்பளக் கணக்கிலேயே வரவு வைக்கலாம். அடுத்த மாதம் ஓடு ஏற்றி அனுப்பும்போது மறுபடி போக வேண்டியிருக்கும், அந்த முன்பணத்துடன் இதைச் சேர்க்க வேண்டாம்.

மேலே காட்டிய செலவுகள் அனைத்தும் அலுவலகப் பணிக்காகச் செய்தவை என்றும், இவற்றுக்கு வேறு எங்கும் தொகை பெறவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.

இணைப்பு: வவுச்சர் 1 முதல் 18 வரை, ஒப்புதல் மின்னஞ்சல் நகல், டிக்கெட் ரத்துச் சீட்டு, ₹445 வரவான வங்கிப் பக்கம், யு.பி.ஐ. பட்டியல், அச்சு இரண்டின் புகைப்படம்.

(ஒப்பம்)
தள மேற்பார்வையாளர்
18.06.2025