வலது கணுக்கால் முறிவு: வீட்டில் பின்பற்ற வேண்டிய திட்டம்

எலும்பு முறிவு ஓபி, 17-11-2025, திங்கள். டாக்டர் எழுதிய குறிப்பிலிருந்து, அம்மாவும் வீட்டில் இருப்பவர்களும் படிக்கும்படி எடுத்து எழுதியது.

குறிப்பில் உள்ளது

வயது 57. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. 9-11-2025 ஞாயிறு அன்று மழை ஈரத்தில் படியில் வழுக்கி, வலது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பு விலகவில்லை, மூட்டு சரியாகப் பொருந்தி இருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். முதல் வாரம் அரைக்கட்டு. வீக்கம் வடிந்ததால் இன்று முழங்காலுக்குக் கீழ் முழு ஃபைபர் கட்டு. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி குறைவு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4.

கடைசி இரண்டு வரிகள்தான் இந்தத் திட்டத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதிலிருந்து மாற்றுகின்றன. கட்டு உரசிப் புண்ணானாலும், காலை ஊன்றி எலும்பு நகர்ந்தாலும், அம்மாவுக்கு வலி தெரியாமல் போகலாம். "வலிக்கவே இல்லை சிஸ்டர், அதான் நடந்தேன்" என்று சொல்லி வந்தவர்களை இந்த ஓபியில் நிறையப் பார்க்கிறோம். ஆகவே வலியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

எடை

8-12-2025 வரை வலது காலில் எடையே கூடாது. பாத்ரூமுக்கு இரண்டு எட்டு என்றாலும் கூடாது; பெருவிரலை மட்டும் ஊன்றுவதும் எடைதான். வாக்கரை முன்னால் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, இடது காலால் நகர வேண்டும். இடது காலில் வழுக்காத செருப்பு இருக்கட்டும்: அந்தப் பாதத்திலும் உணர்ச்சி குறைவு, இப்போது முழுப் பாரமும் அதன் மேல்தான். தினமும் அதன் அடிப்பாதத்தையும் பாருங்கள்.

மாடி அறை வேண்டாம், படுக்கையைக் கீழே போடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதும் குத்தவைக்கும் கக்கூஸும் கூடாது. கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். டிசம்பர் 3 கார்த்திகை தீபத்துக்கு வாசலில் விளக்கு வைக்கும் வேலையை மருமகள் பார்த்துக்கொள்ளட்டும்.

8-ஆம் தேதி எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் கொஞ்சம் ஊன்றலாமா, எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். அதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கட்டு

ஃபைபர் நனையாது என்று யாராவது சொல்வார்கள். வெளி ஓடு நனையாது. உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயாது, தோல் ஊறிப் புண்ணாகும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை வெளியே ஸ்டூலில் நீட்டி, பாலிதீன் பை கட்டிக் குளியுங்கள். நனைந்துவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.

அரித்தால் விளக்குமாற்றுக் குச்சி, கொண்டை ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பவுடர், எண்ணெயும் வேண்டாம். படுக்கும்போதும் உட்காரும்போதும் தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள், குதிகால் மட்டும் அழுந்தாமல். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை விரல்களை ஆட்டி, முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும்.

காலையும் இரவும் மகனோ மருமகளோ டார்ச் அடித்து விரல்களின் நிறம், சூடு, வீக்கம், கட்டின் விளிம்பில் தோல், வாடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். அரைத்துக் கட்டுவதற்காகவோ புத்தூர்க் கட்டு போடவோ இந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள். சர்க்கரை கூடினால் எலும்பு சேர்வது தாமதமாகும். வலிக்குப் பாராசிட்டமால் 650, தேவைப்பட்டால் மட்டும், ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

தேதி பார்க்காமல் உடனே வர வேண்டியவை

விரல் நீலமாகவோ வெளிறியோ சில்லென்றோ ஆனால், காலை உயர்த்தியும் இறுக்கம் குறையாவிட்டால், மரத்துப்போவது முன்பைவிட அதிகமானால், கட்டிலிருந்து நாற்றமோ கசிவோ வந்தால், காய்ச்சல் அடித்தால், கட்டு விரிசல் விட்டாலோ தளர்ந்து ஆடினாலோ, இரவானாலும் கேஷுவாலிட்டிக்கு வாருங்கள். கெண்டைக்கால் அல்லது தொடை திடீரென வீங்கி வலித்தாலும் அப்படியே. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 108.

வர வேண்டிய நாட்கள் (எல்லாம் திங்கள், காலை 8 மணி ஓபி)

24-11-2025: கட்டோடு எக்ஸ்ரே. எலும்பு நகர்ந்திருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும். தவறவே கூடாத நாள் இது.

8-12-2025: எக்ஸ்ரே, எடை பற்றிய முடிவு, பிசியோதெரபி அறையில் நடைப் பயிற்சி.

22-12-2025: கட்டைப் பிரித்து தோலையும் எலும்பையும் பார்ப்பது. சர்க்கரை இருப்பதால் இன்னும் இரண்டு வாரம் கட்டு நீளலாம் என்று டாக்டர் இப்போதே எழுதியிருக்கிறார். அன்றே கழன்றுவிடும் என்று நம்பிப் பயணம் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஓபி சீட்டு, பழைய எக்ஸ்ரே, சர்க்கரை அளவு எழுதிய நோட்டு, வாக்கர் நான்கையும் கொண்டு வாருங்கள்.